ஏற்காட்டில் டிஷ் பெட்டி, சேலத்தில் கேபிள் பெட்டி: ஸ்கேன் முடிந்த பின் சேனல்களை வரிசைப்படுத்திய அனுபவம்

ஏற்காட்டுக்கு அருகே நாகலூரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு கேபிள் வரவில்லை. மாடியில் ஒரு சிறிய டிஷ்ஷும், சேலத்தில் வாங்கிய, இலவசச் சேனல்களை மட்டும் எடுக்கும் செட்டாப் பாக்ஸும்தான் அவர்களுடைய தொலைக்காட்சி. டிடி ஃப்ரீ டிஷ் என்ற தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவையை அந்தப் பெட்டி எடுக்கிறது. படம் தெளிவாக வந்தது. பட்டியலில்தான் குறை இருந்தது. டிஷ் பொருத்தியவர் ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டுப் போன பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தன. பெரியப்பா மேல் அம்பை அழுத்திக்கொண்டே போவார். பத்து சேனல்களில் ஏழெட்டு கறுப்புத் திரையாக வரும். பார்க்க வேண்டியதை எட்டுவதற்குள் செய்தி முடிந்திருக்கும்.

அந்தக் கறுப்புத் திரைகள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால்தான் அவற்றை நீக்கும் வழியும் தெரியும். டிடி ஃப்ரீ டிஷ், 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கும் அதே செயற்கைக்கோளைத்தான் கட்டணச் சேவையான சன் டைரக்டும் பயன்படுத்துகிறது. ஆகவே ஃப்ரீ டிஷ்ஷுக்காகத் திருப்பிய டிஷ், நாம் கேட்காமலேயே சன் டைரக்டின் அலைகளையும் வாங்குகிறது. பெட்டியில் Blind Scan என்ற வகை ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தால், அது அலைவரிசைப் பட்டை முழுவதையும் துழாவி, செயற்கைக்கோளிலிருந்து ஒரு கட்டுச் சேனல்களை ஒரே அலைவரிசையில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் அதிலுள்ள சேனல்கள் எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும். கட்டணச் சேனலின் பெயர் மறைக்கப்படாமல் வருவதால் பட்டியலில் ஏறிவிடும். படம் பூட்டப்பட்டு வருவதால் திரை கறுப்பாக இருக்கும். பெரும்பாலான பெட்டிகள் இத்தகைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு டாலர் குறியைக் காட்டும். தமிழ்நாட்டில் பழக்கமான பெயர்கள் பலவும் இந்தக் கூட்டத்தில் இருப்பதால், ‘பெயர் வருகிறது, படம் வரவில்லை, டிஷ்தான் சரியில்லை’ என்று பலர் நினைத்து டிஷ்ஷைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். டாலர் குறி உள்ள சேனலுக்கு டிஷ்ஷை எவ்வளவு திருப்பினாலும் இலவசப் பெட்டியில் படம் வராது.

பெரியப்பாவின் தேவை மிகச் சிறியது. “ஒண்ணு அழுத்துனா பொதிகை வரோணும் கண்ணு, அதுக்கப்புறம் நியூஸு, அவ்வளவுதான்” என்றார். 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் என்று பெயர் மாறியதை அவர் இன்னும் பொருட்படுத்தவில்லை. பெரியம்மாவுக்குப் பாட்டும் பக்தி நிகழ்ச்சிகளும் வேண்டும். பள்ளிக்குப் போகும் பேரனுக்கு வகுப்புக்கு ஒன்றாக வரும் பாடச் சேனல்களில் அவனுடையது மட்டும் வேண்டும். எல்லாம் சேர்த்தாலும் இருபது சேனல்களுக்கு மேல் போகவில்லை. எனவே, நூற்றுக்கணக்கான பெயர்களை இடம் மாற்றுவது என் வேலையில்லை. தேவையற்றவை பட்டியலுக்குள் வராமல் தடுப்பது முதல் வேலை, வந்தவற்றில் மிகுதியானவற்றை மறைப்பது இரண்டாவது, எஞ்சிய சிலவற்றை அடுக்குவது கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களுக்குத்தான் ஒரு நாள் முழுவதும் ரிமோட்டோடு போய்விடுகிறது.

ஏற்கெனவே இருந்த பட்டியல் குழம்பிப் போயிருந்ததால், அதைத் திருத்துவதைவிட அழித்துவிட்டுப் புதிதாக ஸ்கேன் செய்வது எளிது என்று முடிவு செய்தேன். ஆனால் அழிப்பதற்கு முன்னால் சிக்னலைப் பார்த்துவிட வேண்டும். நிறுவும் மெனுவில் டிரான்ஸ்பாண்டர்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால், கீழே வலிமை, தரம் என்று இரண்டு கோடுகள் வரும். வலிமைக் கோடு டிஷ்ஷிலிருந்து வரும் கம்பி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஸ்கேன் வெற்றி பெறுமா என்பதைச் சொல்வது தரக் கோடுதான். ஃப்ரீ டிஷ்ஷின் டிரான்ஸ்பாண்டர்கள் அனைத்திலும் தரம் அசையாமல் நின்றால் ஸ்கேனைத் தொடங்கலாம். ஒன்றில் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், ஸ்கேன் அதைத் தாண்டிப் போய்விடும். அதிலுள்ள சேனல்கள் மொத்தமாக விடுபடும்.

ஏற்காட்டில் எல்லோரும் மூடுபனியின் மேல் பழி போடுவது வழக்கம். ஃப்ரீ டிஷ் வரும் சுமார் 11 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளை மூடுபனி பெரிதாகக் குறைப்பதில்லை. கனமழைதான் குறைக்கும். அதைவிட நிலையான தொல்லை மரங்கள். நம் பகுதியிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் இருப்பதால் எதிரே உள்ள மலைச்சரிவு மறைப்பதில்லை. ஆனால் காப்பித் தோட்டத்து நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் கிளை டிஷ்ஷுக்கு மேலே சாய்ந்திருந்தால், காய்ந்த நாளில் ஒரு தரமும் மழையில் நனைந்த நாளில் வேறொரு தரமும் காட்டும். ஆகையால் மழையில்லாத பகலில், கிளையைக் கழித்த பிறகு ஸ்கேன் செய்வதே சரி. மழைநேரத்தில் ஸ்கேன் செய்து, விடுபட்டதை இன்னொரு நாள் சேர்த்தால், அவை பட்டியலின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுக்கிய வரிசை அங்கிருந்து கலையத் தொடங்கும்.

ஒரு சேனல் காணாமல் போனால் காரணம் சிக்னலா, சேனலே சேவையைவிட்டுப் போய்விட்டதா என்று பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தினால் அந்தச் சேனல் எந்த அலைவரிசை எண்ணில் வருகிறது என்று பெட்டி காட்டும். அதே எண்ணில் வரும் மற்றச் சேனல்களும் வராவிட்டால் அது சிக்னல் கோளாறு. டிஷ்ஷையோ கம்பி இணைப்பையோ பார்க்க வேண்டும். மற்றவை ஒழுங்காக வந்து இது மட்டும் வராவிட்டால் சேனல்தான் இடம் மாறியிருக்கிறது அல்லது விலகியிருக்கிறது. பட்டியலில் கைவைப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொண்டால், மழையால் மறைந்த நல்ல சேனலை அழித்துவிடும் அபாயம் இல்லை.

ஸ்கேன் செய்யும்போது இரண்டு அமைப்புகள் முக்கியம். முதலாவது FTA Only. இதை இயக்கினால் பூட்டப்பட்ட சேனல்களைப் பெட்டி பதிவு செய்யாது. இரண்டாவது, Blind Scan வேண்டாம் என்று விட்டுவிட்டு, பெட்டியின் நினைவில் உள்ள டிரான்ஸ்பாண்டர் பட்டியலை மட்டும் ஸ்கேன் செய்வது. அந்தப் பட்டியலில் கட்டணச் சேவையின் டிரான்ஸ்பாண்டர்கள் ஏற்கெனவே ஏறியிருந்தால், சேனலைச் சேனலாக அழிப்பதில் பயனில்லை. டிரான்ஸ்பாண்டரையே நிறுவும் மெனுவில் நீக்கிவிட வேண்டும். ஒரு டிரான்ஸ்பாண்டரை நீக்கினால் அதன் வழியே வரும் இருபது முப்பது பெயர்களும் ஒரே அழுத்தத்தில் போகும். அடுத்த ஸ்கேனிலும் திரும்பி வராது. எது யாருடையது என்று தெரியாவிட்டால், பழைய பட்டியலை அழிப்பதற்கு முன்பே டாலர் குறியிட்ட சில சேனல்களில் தகவல் பொத்தானை அழுத்தி, அலைவரிசை எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். பெரியப்பா வீட்டில் அப்படித்தான் செய்தேன்.

FTA Only பற்றி ஓர் எச்சரிக்கை. பெட்டி படத்தைத் திறந்து பார்த்து முடிவு செய்வதில்லை. ஒளிபரப்புடன் சேர்ந்து வரும் ‘இது பூட்டியது’, ‘இது திறந்தது’ என்ற குறிப்பை நம்பித்தான் முடிவு செய்கிறது. அனுப்புபவர் குறிப்பைத் தவறாக வைத்தால் இலவசச் சேனல் விடுபடும், அல்லது பூட்டிய ஒன்று உள்ளே வந்துவிடும். இருக்க வேண்டிய ஒரு சேனல் மட்டும் கிடைக்கவில்லை என்றால், அதன் டிரான்ஸ்பாண்டரை மட்டும் தனியாக, FTA Only இல்லாமல் ஸ்கேன் செய்து பார்ப்பது போதும். முழுவதையும் மறுபடி துழாவ வேண்டியதில்லை.

இவ்வளவும் முடிந்தபோதே பட்டியல் கணிசமாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியதிலும் பெரியப்பா வீட்டில் யாரும் பார்க்காத மொழிச் சேனல்களும் பல வகுப்புகளுக்கான பாடச் சேனல்களும் நிறைய இருந்தன. இவற்றை என்ன செய்வது என்பதில்தான் பலரும் அவசரப்பட்டு Delete பக்கம் போகிறார்கள். நான் அதைத் தவிர்க்கிறேன். பெட்டி ஒரு சேனலை அடையாளம் காண்பது பெயரால் அல்ல. ஒளிபரப்பில் வரும் வலையமைப்பு எண், டிரான்ஸ்பாண்டரின் ஓடை எண், சேவை எண் ஆகிய எண்களால். அழித்த சேனலின் பதிவு பெட்டியில் இருக்காது என்பதால், அடுத்த முறை ஸ்கேன் செய்யும்போது அதைப் புதிய சேனல் என்று கருதி மீண்டும் கடைசியில் சேர்க்கும். மறைத்த சேனலின் பதிவு பெட்டியிலேயே இருப்பதால், ‘இது ஏற்கெனவே உள்ளது’ என்று ஸ்கேன் விட்டுவிடும். ஆகவே எப்போதும் வேண்டாததை மறைப்பதும், உயிரற்றுப் போனதை மட்டும் அழிப்பதும் நீண்ட நாளுக்கு நல்லது.

மறைப்பதிலும் வகைகள் உள்ளன. Skip என்று குறித்தால், மேல்-கீழ் அம்புகளை அழுத்தும்போது அந்தச் சேனலைப் பெட்டி தாண்டிப் போகும். ஆனால் எண்ணை நேரடியாக அழுத்தினால் அது வரும், பட்டியலைத் திறந்தாலும் பெயர் தெரியும். Lock என்று குறித்தால் எதுவும் மறையாது, திறக்கக் கடவுச்சொல் மட்டும் கேட்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே ட்யூனர் இருக்கும் சில மாடல்களில் Hide என்ற மூன்றாவது வகை உண்டு; அது பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிடும். அம்பை மட்டும் பயன்படுத்தும் பெரியப்பாவுக்கு Skip போதுமானதாக இருந்தது.

அடுத்தது வரிசை. கையால் நகர்த்துவதற்கு முன், பெட்டியில் உள்ள தானியங்கி வரிசைப்படுத்தலை ஒரு முறை பயன்படுத்திக்கொள்ளலாம். அகர வரிசையில் வைத்தால் தூர்தர்ஷன் சேனல்கள் எல்லாம் ஓரிடத்தில் சேரும். பாடச் சேனல்கள் இன்னோரிடத்தில் சேரும். கூட்டமாகக் குறியிட்டு மறைக்க வசதியாக இருக்கும். ஆனால் அதை இறுதி வரிசையாக வைத்துக்கொள்ள முடியாது. பெயர்கள் ஆங்கில எழுத்தில் வருவதால் தமிழ்ச் சேனல்கள் ஒன்றாகச் சேராமல் சிதறும். பெயரின் முடிவில் எண் இருந்தால் பெட்டி அதையும் எழுத்தாகவே படிக்கும் என்பதால், 1க்குப் பின் 10, 11, 12 வந்துவிட்டுப் பிறகுதான் 2 வரும். சேனலின் பெயர் மாறினாலும் இடம் மாறும். DD Podhigai என்று இருந்தது DD Tamil ஆனதும் ‘பி’யிலிருந்து ‘டி’க்கு இறங்கிவிட்டது.

சில பெட்டிகளிலும் தொலைக்காட்சிகளிலும் நகர்த்தும் வசதியே மங்கலாகத் தெரியும். அழுத்தினால் வேலை செய்யாது. பெரும்பாலும் LCN என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருப்பதே காரணம். சேனலுக்கு எந்த எண் தர வேண்டும் என்பதை ஒளிபரப்புபவரே அனுப்பும் முறை அது. அதை அணைத்தால்தான் எண்கள் நம் கைக்கு வரும். அணைத்த உடனே பட்டியல் ஸ்கேன் செய்த வரிசைக்குத் திரும்பிவிடும் என்பதால், இதை வேலையின் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

Move செய்யும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெட்டி செருகுகிறதா, இடம் மாற்றிக்கொள்கிறதா என்பது. 85இல் உள்ள சேனலை 1க்குக் கொண்டுவரும்போது, பழைய 1 இரண்டாவது இடத்துக்கு இறங்கினால் அது செருகும் வகை. பழைய 1 நேராக 85க்குப் போய்விட்டால் அது பரிமாற்ற வகை. எந்த வகையானாலும் மேலிருந்து கீழாகவே அடுக்கினால் சிக்கல் வராது. 1ஐ முடித்துவிட்டு 2, பிறகு 3 என்று போகும்போது, புதிதாக வரும் சேனல் தனக்குக் கீழே உள்ளவற்றை மட்டுமே அசைக்கும். முடித்துவிட்ட இடங்கள் அசையா. நடுவில் 12ஐ முதலில் வைத்துவிட்டுப் பிறகு 3ஐ வைத்தால், செருகும் வகைப் பெட்டியில் 12 தானாக 13 ஆகிவிடும். எனவே தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் எண்ணோடு பெயரை எழுதிக்கொண்டேன். 1 டிடி தமிழ், அதை ஒட்டிச் செய்திச் சேனல்கள், பிறகு பாட்டு, பக்தி, கடைசியாகப் பேரனின் வகுப்பு. இருபது சேனல்களை இப்படி அடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

அடுக்கியதைப் பெட்டி உடனே சேமிப்பதில்லை என்பதை மலைப்பகுதியில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். திருத்தும் மெனுவிலிருந்து வெளியேறும்போதுதான் பெரும்பாலான பெட்டிகள் சேமிக்கவா என்று கேட்கும். அதற்கு முன் மின்சாரம் போனால் செய்தது எல்லாம் போய்விடும். ஐந்து சேனல்களுக்கு ஒரு முறை வெளியே வந்து சேமித்துவிட்டு மறுபடி உள்ளே போவது சலிப்பாக இருந்தாலும், ஏற்காட்டில் காற்றடிக்கும் நாளில் அதுதான் புத்திசாலித்தனம். பென் டிரைவில் பட்டியலை நகல் எடுக்கும் வசதி பெட்டியில் இருந்தால், முடித்தவுடன் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளலாம். அந்த நகல் அதே மாடல் பெட்டிக்குத்தான் பொருந்தும். வேறு மாடலில் ஏற்றிப் பார்ப்பது வேண்டாத வேலை.

சேலத்தில் எங்கள் வீட்டில் நிலைமை வேறு. அங்கே கேபிள் பெட்டியில் எண்களை மாற்றவே முடியாது. LCNஐ அணைக்கும் வழியும் மெனுவில் இல்லை. எந்தச் சேனலுக்கு எந்த எண் என்பதைக் கேபிள் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. ஒரே வகைச் சேனல்களை ஒன்றாக வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருப்பதால், செய்திகள் ஒருபுறம், திரைப்படங்கள் ஒருபுறம் என்று எண்கள் தொகுதி தொகுதியாக இருக்கும்; ஆனால் நமக்கு வேண்டிய ஆறு சேனல்கள் ஆறு தொகுதிகளில் கிடக்கும். இங்கே ஒரே வழி Favourite பட்டியல்தான். எண் மாறாது, ஆனால் அந்தப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு அம்பை அழுத்தினால் அந்த ஆறு மட்டும் சுற்றிவரும். கேபிள் கம்பியை நேராகத் தொலைக்காட்சியில் செருகி அதன் ட்யூனரால் ஸ்கேன் செய்து பார்ப்பவர்களும் உண்டு. சேனல்கள் பூட்டப்பட்டு வருவதால், பெட்டி இல்லாமல் பெரும்பாலும் பெயர்கள் மட்டுமே கிடைக்கும்.

இந்த Favourite பட்டியலைப் பெரியப்பாவின் பெட்டியிலும் அமைத்துக் கொடுத்தேன். பட்டியலில் சேர்ப்பது சேனலின் பதிவைச் சுட்டும் ஒரு குறிதான் என்பதால், புதிய சேனல்கள் எத்தனை வந்து சேர்ந்தாலும் அது கலைவதில்லை. அடிப்படைப் பதிவை அழித்துவிட்டாலோ, Factory Default கொடுத்துவிட்டாலோ குறியும் போய்விடும். படம் வரவில்லை என்று அழைத்தால் வருபவர்களில் பலர் முதலில் அழுத்துவது அந்த Factory Defaultதான். பெட்டியில் மெனு பூட்டு இருந்தால் அதைப் போட்டுவைப்பது இதற்காகவும் பயன்படும்.

ட்யூனர் உள்ள தொலைக்காட்சியில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அணைத்து வைத்திருக்கும் நேரத்தில் தானாகச் சேனல்களைப் புதுப்பிக்கும் அமைப்பு பல மாடல்களில் இயங்கும் நிலையிலேயே வருகிறது. காலையில் போட்டால் அழித்தவை திரும்பியிருக்கும், வரிசை மாறியிருக்கும். அடுக்குவதற்கு முன் அதை அணைத்துவிட வேண்டும்.

அணைத்துவிட்டால் புதிய சேனல்கள் தாமாக வரமாட்டா என்பதால், ஆண்டுக்கு ஒரு முறையாவது நாமே பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற காலம் ஏப்ரல். ஃப்ரீ டிஷ்ஷின் இடங்களைப் பிரசார் பாரதி மின்னேலத்தில் ஒதுக்குகிறது. ஆண்டு ஒதுக்கீடு ஏப்ரல் 1 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரை என்பதால், பல சேனல்கள் அந்தச் சமயத்தில் விலகும், சேரும், டிரான்ஸ்பாண்டர் மாறும். முதல் வாரம் கழிந்த பிறகு, பழையதை அழிக்காமல் FTA Only வைத்து ஒரு ஸ்கேன் செய்தால், புதியவை பட்டியலின் கடைசியில் வரிசையாக நிற்கும். ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருந்தால், மேலே உள்ளது கறுப்பாகவும் கடைசியில் உள்ளது படத்தோடும் இருக்கும். அந்தச் சேனல் வேறு எண்களோடு வேறு டிரான்ஸ்பாண்டருக்குப் போயிருக்கிறது என்று பொருள். கடைசியில் உள்ளதைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டு, Favourite குறியையும் அதற்கு இட்டுவிட்டு, அதன் பிறகே கறுப்பானதை அழிக்க வேண்டும். கறுப்பானதை முதலில் அழித்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் ஒன்று மேலேறிவிடும். பெரியப்பா எட்டை அழுத்தும்போது ஒன்பதில் இருந்தது வந்து நிற்கும்.